வாங்கிய வேகம் ராமுக்கு வந்து சேர்ந்ததா?

திரையின் மூலையில் செகண்டுக்கு 138 ஃப்ரேம் என்று காட்டுகிறது. ஆனாலும் எதிராளி சுவரோரம் திரும்பி வரும் அந்த நொடியில் படம் ஒரு வெட்டு வெட்டிவிட்டு நகர்கிறது. அந்த எண்ணில் தவறு இல்லை, அது சராசரி. நூறு ஃப்ரேம்களில் 99 ஃப்ரேம்கள் தலா 7 மில்லிசெகண்டில் வந்து, ஒன்று மட்டும் 30 மில்லிசெகண்ட் எடுத்துக்கொண்டால் மொத்தம் 723 மில்லிசெகண்ட். வகுத்துப் பாருங்கள், செகண்டுக்கு 138 ஃப்ரேம் வரும். கண்ணை உறுத்துவதோ அந்த ஒற்றை 30தான். ஒவ்வொரு படமும் தயாராக எவ்வளவு நேரம் ஆனது என்பதைத்தான் ஃப்ரேம் டைம் என்கிறார்கள். விளையாட்டு வழுக்கிக்கொண்டு போகிறதா, தடுக்கித் தடுக்கிப் போகிறதா என்பதை அதுதான் சொல்லும்.

இப்படித் தடுக்கினால் பலரும் கிராஃபிக்ஸ் கார்டை மாற்றக் கிளம்பிவிடுகிறார்கள். அதற்கு முன் ஒரு சின்ன சோதனை செய்யலாம். விளையாட்டின் அமைப்புகளில் ரெசல்யூஷனை 1080-இலிருந்து 720-க்கு இறக்குங்கள். கார்டுக்கு வேலை பாதிக்கும் கீழே குறைந்துவிடும். அப்படியும் ஃப்ரேம் எண்ணிக்கை ஏறவில்லையென்றால் கார்டு மேல் குற்றமில்லை, பிராசசர் பக்கம்தான் இழுபறி. டாஸ்க் மேனேஜரில் பிராசசர் பயன்பாடு 40 சதவீதம்தான் காட்டுகிறதே என்று ஏமாற வேண்டாம். ஆறு கோர்களில் ஒன்று மட்டும் மூச்சுமுட்ட ஓடினாலும் மொத்தக் கணக்கில் அது தெரியாது. குறைந்த கிராஃபிக்ஸ் அமைப்பில் ஆடும் கவுண்டர்-ஸ்ட்ரைக் 2, பெரிதாக வளர்ந்துவிட்ட ஃபேக்டோரியோ தொழிற்சாலை, மக்கள்தொகை பெருகிய நகரக் கட்டுமான விளையாட்டுகள் எல்லாம் பெரும்பாலும் இந்த ரகம்.

பரவலாக இருக்கும் ஒரு கணினியையே எடுத்துக்கொள்வோம். ரைசன் 5 5600 பிராசசர், பி450 மதர்போர்டு, 16 ஜிபி டிடிஆர்4 ராம். ராம் பெட்டியில் 3200, சிஎல்16 என்று அச்சிட்டிருக்கிறது. ஆனால் பூட்டி முடித்து முதல்முறை இயக்கும்போது அது 2400-இல் ஓடிக்கொண்டிருக்கும். அதில் பழுது எதுவும் இல்லை. ஒவ்வொரு ராம் குச்சியிலும் ஒரு குட்டி சிப் இருக்கிறது. எந்த வேகத்தில், எவ்வளவு மின்னழுத்தத்தில் ஓட வேண்டும் என்ற பட்டியல் அதில் எழுதப்பட்டிருக்கும். எல்லாக் கணினிக்கும் பொதுவான 1.2 வோல்ட் பட்டியலை மதர்போர்டு தானாக எடுத்துக்கொள்ளும். 1.35 வோல்ட் கேட்கும் 3200 பட்டியல் தனியாக இருக்கிறது. அதுதான் மெமரி ப்ரொஃபைல். இன்டெல் 2007-இல் அதற்கு வைத்த பெயர் XMP. டிடிஆர்5 ராமுக்கு ஏஎம்டி 2022-இல் கொண்டுவந்தது EXPO. பொது வரம்பைத் தாண்டிய வேகம் என்பதால் நாமே போய் அதை இயக்கிவைத்தால்தான் உண்டு.

வித்தியாசம் எவ்வளவு என்று கணக்கிட்டுவிடலாம். 3200 ராமின் கடிகாரம் 1600 மெகாஹெர்ட்ஸ். சிஎல்16 என்றால் கேட்ட தகவல் வரத் தொடங்க 16 துடிப்புகள், அதாவது 10 நானோசெகண்ட். அதே ராம் 2400-இல் சிஎல்17 ஆக ஓடினால் 14 நானோசெகண்டுக்குச் சற்று மேல். இந்த 4 நானோசெகண்டுக்குள் 4.4 கிகாஹெர்ட்ஸில் ஓடும் ஒரு கோருக்கு 18 துடிப்புகள் கடந்துவிடும். ரைசனில் இன்னொன்றும் சேர்ந்துகொள்கிறது. கோர்களை மெமரி கன்ட்ரோலரோடு இணைக்கும் உள்பாதை, இந்த வேகங்களில் ராமின் கடிகாரத்தோடு ஒத்து ஓடுகிறது. ராம் 2400-இல் நின்றால் அந்தப் பாதையும் 1200 மெகாஹெர்ட்ஸில் நின்றுவிடும். ப்ரொஃபைலை இயக்கினால் இரண்டும் சேர்ந்து 1600-க்கு ஏறும்.

விளையாட்டுக்கு இது ஏன் இவ்வளவு முக்கியம்? விளையாட்டின் கணக்குகள் ராமில் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிதறிக் கிடக்கும் சின்னச் சின்னத் தகவல்களைத் தேடி ஓடுபவை. எதிராளி நிற்கும் இடம், பறக்கும் குண்டின் பாதை, அடுத்து எழ வேண்டிய ஒலி. இவை 5600-இன் 32 எம்பி கேஷில் கிடைத்துவிட்டால் சரி. கிடைக்காத ஒவ்வொரு முறையும் அந்தக் கோர் ராமை எதிர்பார்த்துக் காத்திருக்க வேண்டியிருக்கும்.

இங்கேதான் டூயல் சேனல் வருகிறது. ஒரே குச்சி போட்டிருந்தால் 64 பிட் அகலமுள்ள ஒரு வழிதான். இரண்டு குச்சிகளைச் சரியான இடத்தில் போட்டால் இரண்டு வழிகள். 2400-இல் ஒற்றைச் சேனல் செகண்டுக்கு அதிகபட்சம் 19.2 ஜிபி கடத்தும். 3200-இல் இரட்டைச் சேனல் 51.2 ஜிபி. ரேஷன் கடையில் இரண்டாவது எடைமேடை திறந்ததுபோல, கூட்டம் இல்லாத நேரத்தில் இதன் அருமை தெரியாது. புகைக்குண்டு வெடித்து, நாலு பேர் ஒரே சமயத்தில் சுட்டு, புதிய பகுதியும் ஏறும்போது எல்லாக் கோர்களும் ஒன்றாகக் கை நீட்டும். வரிசை நீள்வது அப்போதுதான், அந்த 30 மில்லிசெகண்ட் ஃப்ரேம் பிறப்பதும் பெரும்பாலும் அப்போதுதான். அதனால் சராசரியில் தெரிவதைவிட இந்த மோசமான ஃப்ரேம்களில் முன்னேற்றம் நன்றாகத் தெரிவதுண்டு.

கடையில், "பின்னால் இன்னொன்று போட்டுக்கொள்ளலாம்" என்று 16 ஜிபி குச்சி ஒன்றையே கொடுத்து அனுப்புகிறார்கள். அதைவிட, ஒரே பெட்டியில் ஜோடியாக வரும் இரண்டு 8 ஜிபி குச்சிகள் விளையாட்டுக்கு மேல் என்பது என் உறுதியான கருத்து. நான்கு ஸ்லாட் உள்ள பெரும்பாலான போர்டுகளில் பிராசசரிலிருந்து எண்ணி இரண்டாவதிலும் நான்காவதிலும், அதாவது A2, B2 என்று குறித்தவற்றில் போட வேண்டும். பக்கத்துப் பக்கத்தில் போட்டால் இரண்டும் ஒரே சேனலில் போய் உட்கார்ந்துவிடும். மின் இணைப்பைத் துண்டித்துவிட்டு, கிளிப் 'டக்' என்று பூட்டும்வரை அழுத்துங்கள்.

பிறகு இயக்கும்போதே Del அல்லது F2 விசையைத் தட்டி பயாஸுக்குள் போங்கள். போர்டைப் பொறுத்து XMP, A-XMP, DOCP, EXPO என ஏதாவது ஒரு பெயரில் அந்த அமைப்பு இருக்கும். முதல் ப்ரொஃபைலைத் தேர்ந்து, F10 அழுத்திச் சேமியுங்கள். முதல்முறை திரை சிறிது நேரம் கறுப்பாகவே இருக்கும். டிடிஆர்5 என்றால் சில நிமிடங்கள்கூட ஆகலாம். பதறி மின்சாரத்தை நிறுத்த வேண்டாம், போர்டு ராமைச் சோதித்துப் பழகிக்கொண்டிருக்கிறது.

விண்டோஸ் வந்ததும் டாஸ்க் மேனேஜரில் Performance பகுதியில் Memory-யைத் திறந்தால் Speed என்ற வரியில் 3200 இருக்க வேண்டும். சேனல் விவரம் அங்கே இல்லை. CPU-Z என்ற இலவச மென்பொருளின் Memory பக்கத்தில் இரண்டு சேனல்கள் என்று காட்டுகிறதா பாருங்கள். அங்கே DRAM Frequency 1600 அளவில் காட்டினால் சரிதான். ஒரு துடிப்புக்கு இரண்டு முறை தகவல் போவதால் அதுவே 3200.

போர்டு ப்ரொஃபைலை ஏற்காவிட்டால் சில முறை முயன்றுவிட்டுப் பழைய வேகத்துக்கே திரும்பிவிடும். திரும்பாவிட்டால் கையேட்டில் உள்ளபடி பயாஸ் நினைவை அழிக்க வேண்டும். ஆபத்தானது, ஓடுவதுபோல் ஓடிக்கொண்டே தவறு செய்வது. விளையாட்டு திடீரென மூடிக்கொள்ளும், நீலத்திரை வரும், பதிவிறக்கிய கோப்பு விரியாமல் அடம்பிடிக்கும். ஆகவே ஓர் இரவு MemTest86 ஓடவிடுங்கள். ஒரே ஒரு பிழை வந்தாலும் அந்த வேகத்தை ஏற்கக் கூடாது. 3000-க்கு இறக்கி மறுபடி சோதியுங்கள். வெவ்வேறு நிறுவனக் குச்சிகளைக் கலந்து போட்ட கணினிகளிலும் நான்கு ஸ்லாட்டையும் நிரப்பியவற்றிலும் இந்தத் தொல்லை அதிகம்.

சில கணினிகளில் வழியே கிடையாது. கோர் ஐ5 10400-ஐ எச்410 போர்டில் பூட்டியிருந்தால் 2666-க்கு மேல் ஏறாது. 96 எம்பி கேஷ் கொண்ட ரைசன் 7 5800எக்ஸ்3டி போன்றவற்றில் பலன் குறைவாகத்தான் தெரியும், ஏனெனில் அவை ராமிடம் போவதே குறைவு. மடிக்கணினிகளில் பெரும்பாலும் ப்ரொஃபைல் மெனு இருக்காது. ஆனால் காலி ஸ்லாட் இருந்து, தனி கிராஃபிக்ஸ் சிப் இல்லாத மடிக்கணினி என்றால், கிராஃபிக்ஸ் வேலைக்கும் அதே ராம்தான். செலவழிக்கக் கையில் பணம் இருந்தால், முதலில் அந்த இரண்டாவது குச்சியை வாங்கிப் போடுங்கள்.