மல்லித்தழை ஏன் மூன்று வெள்ளி?

தீபாவளிக்கு முந்தின நாள், அதிகாலை ஐந்தரை மணி. கிள்ளானில் என் மாமாவின் காய்கறிக் கடையில் நெகிழிப்பையைப் பிரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். தீபாவளி வாரத்தில் அவருக்கு உதவியாகக் கடையில் நிற்பது என் வழக்கம்.

"ஒரு கட்டு மல்லித்தழை மூணு வெள்ளியா? போன வாரம் ஒரு வெள்ளிக்குத்தானே வாங்கினேன்!" என்று ஓர் அம்மா சத்தம் போட்டார். "பெருநாள் வந்தாலே இப்படித்தான் கொள்ளையடிக்கிறாங்க" என்று சொல்லிக்கொண்டே இரண்டு கட்டுகளை எடுத்துப் பையில் போட்டார். மாமா சில்லறையைக் கொடுத்தாரே தவிர, பதில் பேசவில்லை.

எனக்குச் சங்கடமாக இருந்தது. அவர் சொன்னது உண்மையாக இருக்குமோ என்ற சந்தேகம் எனக்கும் வந்துவிட்டது. கடை கட்டிய பிறகு, தயங்கித் தயங்கி மாமாவிடமே கேட்டேன். அவர் கோபப்படவில்லை. மொத்த சந்தையில் வாங்கிய ரசீதுகளை என்னிடம் நீட்டி, "நீதானே பொருளியல் படிக்கிறே, கணக்குப் போட்டுப் பாரு" என்றார்.

ரசீது சொன்ன கதை

வழக்கமான நாளில் மாமா ஒரு கட்டை 60 சென்னுக்கு வாங்கி ஒரு வெள்ளிக்கு விற்கிறார். அன்று செலாயாங் மொத்த சந்தையில் அவர் கொடுத்த விலை 2 வெள்ளி 20 சென். ஒரு கட்டில் கிடைக்கும் இலாபம் 40 சென்னிலிருந்து 80 சென்னாக உயர்ந்தது உண்மைதான். ஆனால் கொள்முதல் விலையோடு ஒப்பிட்டால், முன்பு ஏறத்தாழ 67 விழுக்காடாக இருந்த இலாபம் இப்போது 36 விழுக்காடுதான்.

அன்று அவர் 200 கட்டுகள் வாங்க 440 வெள்ளி செலவிட்டார். விற்றது 165 கட்டுகள். கைக்கு வந்தது 495 வெள்ளி. மீதமிருந்த 35 கட்டுகளும் வாடிக் குப்பைக்குப் போயின. எல்லாம் விற்றிருந்தால் 160 வெள்ளி கிடைத்திருக்கும். கடைசியில் நின்றதோ 55 வெள்ளி. அதிலும் லாரி வாடகையைக் கழிக்க வேண்டும்.

ஆக, விலையை ஏற்றியது மாமா அல்ல. ஏற்றம் மொத்த சந்தையிலேயே நடந்துவிட்டது. அங்கே ஏன் ஏறியது?

ஐந்து வாரத்துக்கு முன் எடுத்த முடிவு

தீபாவளிக்கு முந்தின நாள் பல வீடுகளில் ஆட்டிறைச்சிப் பிரட்டலும் பிரியாணியும் தயாராகின்றன. அத்தனைக்கும் மல்லித்தழை வேண்டும், அதுவும் அந்த இரண்டு நாளில் வேண்டும். தேவை ஒரே மூச்சில் எகிறுகிறது.

அளிப்பு அப்படி எகிற முடியாது. மல்லி விதைத்து, தழை பறிக்கும் பருவம் வர ஏறத்தாழ ஐந்து, ஆறு வாரம் ஆகும். இன்று கேமரன்மலையிலிருந்து லாரியில் வரும் தழையின் அளவு, போன மாதமே விதைக்கும்போது முடிவாகிவிட்டது. இன்று விலை மூன்று மடங்கானாலும் நாளைக் காலை கூடுதலாக ஒரு கட்டு முளைத்துவிடாது.

'தீபாவளி வருவது விவசாயிக்குத் தெரியாதா?' என்று கேட்கலாம். தெரியும், அதனால் கொஞ்சம் கூடுதலாகவே விதைக்கிறார். ஆனால் அளவு மீறி விதைத்தால், பெருநாள் முடிந்த மறுநாள் மிச்சத்தை வாங்க ஆளிருக்காது. போதாக்குறைக்கு, அக்டோபர், நவம்பர் மாதங்கள் மலையில் கனமழைக் காலம். ஈரம் தங்கினால் தழை அழுகிவிடும்.

அளிப்பு கூடியும் விலை ஏறுவது எப்படி?

ஒரு கற்பனைச் சந்தையை எடுத்துக்கொள்வோம். வழக்கமாக அங்கே கிலோ 10 வெள்ளிக்கு 100 கிலோ தழை வருகிறது; அந்த விலையில் மக்கள் கேட்பதும் 100 கிலோ. தீபாவளிக்கு 115 கிலோ வருகிறது. ஆனால் அதே 10 வெள்ளியில் மக்கள் கேட்பது 160 கிலோ.

விலை மாறாமல் இருந்தால், முதலில் வந்தவர்கள் 115 கிலோவையும் அள்ளிக்கொண்டு போவார்கள். ஏழு மணிக்கு வருபவருக்கு வெறும் கூடைதான். இதை அறிந்த வியாபாரிகள் மொத்த சந்தையில் ஒருவரை ஒருவர் முந்திக்கொண்டு விலை கேட்கிறார்கள். 15 வெள்ளி ஆகும்போது சிலர் பின்வாங்க, தேவை 140 கிலோவாகக் குறைகிறது. இன்னும் பற்றவில்லை. 20 வெள்ளியில்தான் தேவை 115 கிலோவுக்கு இறங்கி, வந்த சரக்கோடு சமமாகிறது. விலை அங்கே நிற்கிறது.

கவனியுங்கள்: அளிப்பு 15 விழுக்காடு கூடியும் விலை இரட்டிப்பாகிவிட்டது. விலையைத் தீர்மானிப்பது அளிப்பின் அளவு மட்டுமல்ல. தேவைக்கும் அதற்கும் உள்ள இடைவெளி.

இன்னொன்றையும் பாருங்கள். விலை 100 விழுக்காடு ஏறியும் தேவை 28 விழுக்காடுதான் குறைந்தது. இதைத்தான் 'நெகிழ்ச்சி குறைந்த தேவை' என்கிறோம். பிரியாணிக்கு மல்லித்தழைக்குப் பதிலாக வேறொன்றைப் போடுவது கடினம். மொத்தச் சமையல் செலவிலும் அதன் பங்கு சிறியது. அந்த அம்மா திட்டிக்கொண்டே இரண்டு கட்டு வாங்கியது இதனால்தான். முட்டைக்கோஸ் இப்படி ஏறியிருந்தால், வேறு காய்க்கு மாறியிருப்பார்.

வெங்காயத்தின் கதை வேறு. காய்ந்த வெங்காயம் வாரக்கணக்கில் தாங்கும் என்பதால், வியாபாரிகள் முன்கூட்டியே வாங்கி இருப்பு வைக்கலாம். அந்த இருப்பு பெருநாள் தேவையைத் தாங்கிக்கொள்வதால், ஒரே நாளில் விலை தாவுவது குறைவு. தழையை இருப்பு வைக்க முடியாது.

காரணத்தைக் கண்டுபிடிப்பது எப்படி?

எல்லா விலையேற்றமும் தேவையால் வருவதல்ல. விலையோடு விற்பனை அளவும் கூடினால், தேவை கூடியிருக்கிறது. விலை ஏறி விற்பனை அளவு குறைந்தால், அளிப்பு குறைந்திருக்கிறது. 2023 அக்டோபர் இறுதியில், தீபாவளிக்கு இரண்டு வாரம் இருக்கும்போது, இந்தியா தன் வெங்காயத்துக்கு டன்னுக்கு 800 அமெரிக்க டாலர் என்று குறைந்தபட்ச ஏற்றுமதி விலை விதித்தது. அங்கிருந்து வாங்கும் நாடுகளுக்கு அது அளிப்புப் பக்கத்துச் சிக்கல்.

மூன்றாவது காரணம், உண்மையிலேயே கொள்ளை இலாபம். அதற்குத்தான் நம் நாட்டில் 2011ஆம் ஆண்டு விலைக் கட்டுப்பாடு, கொள்ளை இலாபத் தடுப்புச் சட்டம் இருக்கிறது. பெருநாள் காலத்தில் குறிப்பிட்ட சில பொருள்களுக்கு அரசாங்கம் உச்சவரம்பு விலை விதிக்கிறது. அவற்றுக்கு இளஞ்சிவப்பு விலைச்சீட்டு வைக்க வேண்டும். ஆனால் அந்த வரம்பு மொத்த விலைக்கும் கீழே போனால், வியாபாரி அந்தச் சரக்கை எடுக்கவே மாட்டார்.

தீபாவளி முடிந்து நான்காம் நாள் மறுபடியும் கடைக்குப் போனேன். மல்லித்தழை ஒரு வெள்ளிக்கு வந்திருந்தது. அதே அம்மா வந்து ஒரு கட்டு எடுத்தார். "இப்ப மட்டும் எப்படிக் குறைஞ்சுச்சு?" என்று மாமாவிடம் கேட்டார்.

"நீங்க ரெண்டு கட்டு எடுக்கலையேம்மா, அதான்" என்றார் மாமா.