பால் ஏன் திரிந்தது?

மதுரையில் ஒரு டீக்கடை. மே மாத விடிகாலை ஐந்து மணிக்கு அடுப்பில் ஏற்றிய ஆறு லிட்டர் பால் பொங்கி வரவேண்டிய நேரத்தில் ஓரமெல்லாம் பூப்பூவாக வெடித்தது. கொஞ்ச நேரத்தில் மேலே கட்டிகள், அடியில் வெளிர்மஞ்சள் தண்ணீர்.

"பாக்கெட்டே கெட்டது, கம்பெனியைக் கேக்கணும்" என்றார் முதலாளி. டீ போடும் பையனுக்கு இஞ்சி மேல் சந்தேகம். இஞ்சியில் பாலின் புரதத்தை அறுக்கும் நொதி உண்டு. சூடேறும் பாலில் பச்சை இஞ்சியைத் தட்டிப் போட்டால் பால் திரிய வாய்ப்புண்டு. கொதித்த பிறகு போட்டால் அந்தச் சூட்டில் நொதி செயலிழந்துவிடும். ஆனால் அன்று இன்னும் இஞ்சியே போடவில்லை.

வழக்கமாக அங்கே டீ குடிக்க வரும் பால் கொள்முதல் நிலைய ஊழியர் கேட்டார்: "தம்பி, பால் எப்ப வந்தது?"

"பாதி நேத்து சாயங்காலம் நாலு மணிக்கு வந்ததுண்ணே. மீதி இன்னைக்குக் காலையில."

சாயங்காலப் பாக்கெட்டுகள் கடை மூடும் பத்து மணிவரை மேஜையடித் தொட்டியிலேயே கிடந்தன. பிறகுதான் பிரிட்ஜுக்குப் போயின. காலையில் தொட்டால் ஜில்லென்றுதான் இருந்தன, புளிப்பு வாடையும் இல்லை. "ஒவ்வொண்ணுலயும் ஒரு கரண்டி தனித்தனியா கொதிக்க வை" என்றார் அவர். காலைப் பால் அழகாகப் பொங்கியது. எஞ்சியிருந்த சாயங்காலப் பாக்கெட்டின் பால் கரண்டியிலேயே திரிந்தது. கொள்முதல் நிலையங்களில் பாலைச் சோதிக்கும் பழைய முறை இதுதான்.

பதப்படுத்திய பாலிலும் கொஞ்சம் நுண்ணுயிரிகள் மிஞ்சியிருக்கும். மே மாத வெக்கையில் ஆறு மணி நேரம் அவற்றுக்குத் தாராளம். பாலின் சர்க்கரையைத் தின்று லாக்டிக் அமிலத்தை விடுகின்றன. பாலில் மிதக்கும் கேசீன் புரதத் துகள்கள் ஒன்றையொன்று விலக்கிக்கொண்டிருப்பதால்தான் பால் பாலாக இருக்கிறது. அமிலம் ஏற ஏற அந்த விலக்கம் குறைகிறது. புதுப்பாலின் பி.எச். அளவு சுமார் 6.7. சூடு படாமல் தயிராக உறைய அது 4.6 அருகே இறங்கவேண்டும். கொதிக்கும் பாலுக்கோ அவ்வளவு இறங்கவேண்டியதில்லை, அதற்கு முன்பே திரிந்துவிடும். அதனால்தான் மூக்குக்கும் நாக்குக்கும் தெரியாத புளிப்பு அடுப்பில் தெரிந்துவிடுகிறது.

பிரிட்ஜ் நுண்ணுயிரிகளின் வேகத்தைக் குறைக்கும். ஏற்கெனவே சேர்ந்த அமிலத்தை எடுக்காது. அந்தப் பாலோடு நல்ல பாலையும் ஒரே பாத்திரத்தில் ஊற்றியதால் இரண்டும் சேர்ந்து போயின.

சந்தேகமான பாலில் ஒரு சிட்டிகை சோடா உப்பு போட்டால் திரியாது என்று சிலர் சொல்வதுண்டு. சோடா அமிலத்தை மட்டுப்படுத்தும், பெருகிய நுண்ணுயிரிகளை ஒன்றும் செய்யாது. விற்பனைப் பாலில் அதைச் சேர்க்கச் சட்டமும் அனுமதிப்பதில்லை. பாக்கெட் வந்ததும் நேராக பிரிட்ஜில் வையுங்கள். பழைய பாலைப் புதுப்பாலில் ஊற்றுமுன் ஒரு கரண்டி காய்ச்சிப் பாருங்கள்.