காணாமல் போன ஒன்றரைக் கோடி

கோவையில் பம்பு செய்யும் ஒரு கம்பெனி, 2016 மார்ச் 31 அன்று இங்கிலாந்தில் ஒரு துணை நிறுவனத்தைத் தொடங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். முதலீடு 10 லட்சம் பவுண்டு. அன்று ஒரு பவுண்டு ஏறத்தாழ 95 ரூபாய். ஆக, கோவையிலிருந்து போன பணம் 9.50 கோடி. ஓராண்டில் அந்தத் துணை நிறுவனம் 2 லட்சம் பவுண்டு லாபம் சம்பாதிக்கிறது. டிவிடெண்ட் எதுவும் அனுப்பவில்லை. 2017 மார்ச் 31 அன்று அதன் கடனெல்லாம் போக மிஞ்சும் நிகர சொத்து 12 லட்சம் பவுண்டு. இங்கிலாந்துக்காரர்களைக் கேட்டால் நல்ல ஆண்டு என்பார்கள்.

கோவையில் கணக்கைக் கூட்டும்போதுதான் சிக்கல். அன்றைய தேதியில் பவுண்டு சுமார் 81 ரூபாய்க்கு வந்துவிட்டது. 12 லட்சம் பவுண்டை 81-ஆல் பெருக்கினால் 9.72 கோடி. லாபத்தை மட்டும் அந்த ஆண்டின் சராசரி விலையான 88-இல் கணக்கிட்டால் 1.76 கோடி. முதலில் போட்டது 9.50, லாபம் 1.76, மொத்தம் 11.26 கோடி இருந்திருக்க வேண்டும். இருப்பதோ 9.72. மீதி 1.54 கோடி எங்கே?

யாரும் எடுத்துக்கொண்டு போகவில்லை. பெருக்கியதில் பிழையும் இல்லை. மூன்று வெவ்வேறு விலைகளில் பெருக்கிய எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்ததால் தெரியும் இடைவெளி அது. வெளிநாட்டில் துணை நிறுவனம் வைத்திருக்கும் எந்தக் கம்பெனியின் ஒருங்கிணைந்த நிதி அறிக்கையிலும் இந்த இடைவெளி இருக்கும். 2008-இல் ஜாகுவார் லேண்ட் ரோவரை வாங்கிய டாடா மோட்டார்ஸ் அளவுள்ள நிறுவனங்களில் இது ஆயிரக்கணக்கான கோடிகளில் ஆடும். ஆடிட்டர்கள் இதை ‘டிரான்ஸ்லேஷன் ரிசர்வ்’ என்பார்கள்.

ஆங்கிலத்தில் இதற்கு மொழிபெயர்ப்பைக் குறிக்கும் சொல்லையே வைத்திருப்பது பொருத்தம்தான். நாம் ‘நாணய மாற்று’ என்றதும் மணி சேஞ்சர் கடை நினைவுக்கு வருகிறது. இங்கே யாரும் பணத்தை மாற்றவில்லை. அந்தப் பவுண்டு அங்கேயே இயந்திரமாகவும் சரக்காகவும் வங்கி இருப்பாகவும் கிடக்கிறது. கோவைப் பங்குதாரருக்குப் புரியும்படி அதை ரூபாயில் சொல்கிறோம், அவ்வளவுதான்.

அப்படிச் சொல்ல விதி இருக்கிறது. இந்தியாவில் பெரிய நிறுவனங்களுக்கு இந்த் ஏஎஸ் 21, உலக அளவில் ஐஏஎஸ் 21. ஐந்தொகையில் உள்ள எல்லாச் சொத்தும் கடனும் ஆண்டின் கடைசி நாள் விலையில். வரவு செலவு அந்தந்த நாள் விலையில். தினமும் நடக்கும் ஆயிரம் பரிவர்த்தனைக்கு நாள்வாரியாக விலை பார்ப்பது நடக்காத காரியம் என்பதால் நடைமுறையில் சராசரி விலையில். பங்கு முதலை, அது போடப்பட்ட நாளின் பழைய விலையிலேயே வைத்துக்கொள்வது வழக்கம். சராசரிக்குக் காரணம் எளிது. ஜூன் மாதம் விற்ற பம்பின் வருமானத்தை அடுத்த மார்ச் 31-இன் விலையில் சொன்னால், விற்ற நாளில் நடந்ததைத் திரித்துச் சொன்னதாகிவிடும். இயந்திரம் அப்படியல்ல. அது மார்ச் 31 அன்றும் அங்கே நிற்கிறது; அன்றைய விலையில் சொல்வதுதான் நியாயம்.

இப்போது அந்த 1.54 கோடியைப் பிரித்துப் பார்க்கலாம். ஆண்டு தொடக்கத்தில் இருந்த 10 லட்சம் பவுண்டு, 95-இலிருந்து 81-க்கு இறங்கியது. பவுண்டுக்கு 14 ரூபாய் வீதம் 1.40 கோடி குறைவு. ஆண்டுக்குள் சேர்ந்த 2 லட்சம் பவுண்டு லாபத்தை 88-இல் எழுதினோம். கடைசி நாளில் அது 81-தான். பவுண்டுக்கு 7 ரூபாய், அதாவது 14 லட்சம் குறைவு. இரண்டையும் கூட்டினால் சரியாக 1.54 கோடி. இந்தச் சின்னக் கணக்கை மனதில் வையுங்கள். கொஞ்ச நேரத்தில் வேலைக்கு வரும்.

இதை ஏன் நட்டமாக எழுதவில்லை? ஒரு காலத்தில் எழுதத்தான் செய்தார்கள். அமெரிக்காவில் 1975-இல் வந்த எட்டாம் எண் கணக்கியல் விதி, இந்த வித்தியாசத்தை நேராக லாப நட்டக் கணக்கில் போடச் சொன்னது. உற்பத்தியும் விற்பனையும் ஒழுங்காக நடந்துகொண்டிருக்க, நாணயச் சந்தை தும்மினால் கம்பெனியின் காலாண்டு லாபத்துக்கு ஜலதோஷம் பிடித்தது. நிர்வாகிகள் கொதித்தார்கள். 1981 டிசம்பரில் 52-ஆம் எண் விதி வந்து, வித்தியாசத்தைப் பங்குதாரர் நிதியில் தனிக் கணக்காக ஒதுக்கச் சொன்னது. விதியை வகுத்த வாரியத்திலேயே ஏழு பேரில் நான்கு பேர்தான் ஆதரித்தார்கள். எதிர்த்த மூவரை நான் பிடிவாதக்காரர்கள் என்று சொல்ல மாட்டேன். லாபக் கணக்கைத் தொடாமல் சொந்த நிதிக்குள் ஒரு தொகை நுழைவது கணக்கர்களுக்கு என்றைக்குமே சங்கடமான விஷயம்.

ஆனால் நம் பவுண்டு கதையின் அடுத்த ஆண்டைப் பார்த்தால் நால்வர் பக்கம்தான் நியாயம் தெரிகிறது. 2016 ஜூன் 23 அன்று ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலக பிரிட்டன் வாக்களித்ததால்தான் பவுண்டு அப்படிச் சரிந்தது. 2018 மார்ச் 31-க்குள் அது மீண்டும் 92 ரூபாய் அளவுக்கு ஏறிவிட்டது. அந்த இரண்டாம் ஆண்டின் சராசரியை 85 என்றும், லாபம் மறுபடி 2 லட்சம் பவுண்டு என்றும் வைத்துக்கொள்வோம். பழைய 12 லட்சம் பவுண்டுக்கு 11 ரூபாய் ஏற்றம், 1.32 கோடி. புது லாபத்துக்கு 7 ரூபாய் ஏற்றம், 14 லட்சம். மொத்தம் 1.46 கோடி திரும்பி வந்துவிட்டது. ரிசர்வில் மிச்சம் வெறும் 8 லட்சம் குறைவு. முதல் ஆண்டில் 1.54 கோடி நட்டம், அடுத்த ஆண்டில் 1.46 கோடி லாபம் என்று அறிவித்திருந்தால், பங்குதாரர் முதலில் பயந்து, பிறகு குதூகலித்திருப்பார். பம்பு விற்பனையில் எந்த மாற்றமும் இல்லை.

அப்படியானால் அந்தத் தொகை என்றைக்குமே லாபக் கணக்கைத் தொடாதா? தொடும், துணை நிறுவனத்தை விற்கும் நாளில். 2017 மார்ச் 31 அன்றே, நிகர சொத்தின் மதிப்பான 12 லட்சம் பவுண்டுக்கு விற்றிருந்தால், கையில் வருவது 9.72 கோடி. விற்ற சொத்தும் புத்தகத்தில் 9.72 கோடிதான். விற்பனையில் லாபமில்லை. ஆனால் ரிசர்வில் தூங்கிய 1.54 கோடி அன்று எழுந்து லாப நட்டக் கணக்குக்கு வரும். ஆண்டு லாபமாக முன்பு காட்டியது 1.76, இப்போது நட்டம் 1.54, மிச்சம் 22 லட்சம். கோவையிலிருந்து போனது 9.50, திரும்பி வந்தது 9.72, வித்தியாசம் அதே 22 லட்சம். வழியில் எங்கெங்கோ தங்கினாலும் கணக்கு கடைசியில் பணத்தோடு பொருந்திவிடுகிறது. இதற்கு உண்மையாகவே விற்க வேண்டும், அல்லது கட்டுப்பாட்டை இழக்க வேண்டும். வியாபாரம் நொடித்து, சொத்தின் மதிப்பைக் குறைத்து எழுதினால் மட்டும் போதாது.

சராசரி விலையில் ஒரு வழுக்கல் உண்டு. ஆண்டு முழுக்க விலை சீராக இருந்தால் பன்னிரண்டு மாதத்துக்கும் ஒரே சராசரி போதும். 2016-17 அப்படிப்பட்ட ஆண்டல்ல. வாக்கெடுப்புக்கு முன் 95-க்கு மேல் இருந்த பவுண்டு, அக்டோபர் முதல் டிசம்பர் வரை 83 ரூபாயைச் சுற்றியே கிடந்தது. துணை நிறுவனம் பம்பு விற்காமல் கிறிஸ்துமஸ் பொம்மை விற்றிருந்தால், லாபம் முழுவதும் அந்த மூன்று மாதத்தில்தான் வந்திருக்கும். அதை 88-இல் எழுதினால் 1.76 கோடி, உள்ளபடி 83-இல் எழுதினால் 1.66 கோடி. பத்து லட்ச ரூபாய் லாபம் சும்மா ஊதிப் பெருத்திருக்கிறது. வேடிக்கை என்னவென்றால், நிகர சொத்து இரண்டு வழியிலும் 9.72 கோடிதான். லாபத்தில் கூடிய பத்து லட்சம் ரிசர்வில் கூடுதல் குறைவாகப் பதுங்கிவிடும். ஐந்தொகை சரியாகச் சமன்படுவதால் யார் கண்ணிலும் படாது. மாதவாரியாகச் சராசரி எடுப்பதே இதற்கு மருந்து.

நான் மிகவும் அஞ்சும் இடமும் இந்தப் பதுங்கல்தான். பல அலுவலகங்களில் ரிசர்வை யாரும் கணக்கிடுவதில்லை. எல்லாவற்றையும் எக்செல்லில் மாற்றிவிட்டு, இரண்டு பக்கமும் எவ்வளவு இடிக்கிறதோ அதை ரிசர்வ் என்று எழுதிவிடுவார்கள். அப்போது அது எந்தப் பிழையையும் விழுங்கும் பெட்டியாகிவிடும். அடிக்கடி நடப்பது இது: இரண்டாம் ஆண்டில், போன ஆண்டு லாபமான 2 லட்சம் பவுண்டையும் புதுச் சராசரியான 85-இல் மறுபடி மாற்றிவிடுவது. அது 1.76 கோடி என்று ஒருமுறை எழுதியாகிவிட்டது. இனி மாறக் கூடாது. மாற்றினால் 1.70 கோடியாகும், குறையும் 6 லட்சத்தை ரிசர்வ் சத்தமில்லாமல் ஏற்றுக்கொள்ளும். 8 லட்சம் குறைவு என்று இருக்க வேண்டியது 2 லட்சம் குறைவு என்று நிற்கும். கூட்டுத்தொகை கச்சிதமாக இருக்கும்.

பிடிப்பதற்கு மேலே செய்த சின்னக் கணக்கு போதும். தொடக்க நிகர சொத்தைக் கடைசி விலைக்கும் தொடக்க விலைக்கும் உள்ள வித்தியாசத்தால் பெருக்கு, ஆண்டு லாபத்தைக் கடைசி விலைக்கும் சராசரிக்கும் உள்ள வித்தியாசத்தால் பெருக்கு, கூட்டு. இடையில் டிவிடெண்டோ புது முதலோ இருந்தால் அதற்கும் அப்படியே. ஐந்தொகை இடித்த தொகையும் இதுவும் ஒன்றாக வராவிட்டால் எங்கோ ஓட்டை.

ஓட்டை இல்லாமலும் ஒரு வித்தியாசம் வரலாம். தாய் நிறுவனம் துணை நிறுவனத்துக்குப் பவுண்டில் கடன் கொடுத்திருந்தால், குழுமக் கணக்கில் கடன் இருபுறமும் அடிபட்டு மறைந்துவிடும். ஆனால் கோவையின் தனிப் புத்தகத்தில் அந்தப் பவுண்டுக் கடன்மீது ஏற்பட்ட மாற்று நட்டம் மறையாது. குழுமத்தின் லாப நட்டக் கணக்கிலும் நட்டமாகவே நிற்கும். அந்தக் கடனைக் கண்ணுக்கெட்டிய காலம்வரை திருப்பிக் கேட்கும் எண்ணமோ வாய்ப்போ இல்லையென்றால், அதை முதலீட்டின் ஒரு பகுதியாகக் கருதி, குழுமக் கணக்கில் ரிசர்வுக்குத் தள்ளலாம். எண்ணம் என்பதற்கு ரசீது கிடையாது. பவுண்டு விழுந்த ஆண்டில் ‘திருப்பிக் கேட்க மாட்டோம்’ என்று இயக்குநர் குழு தீர்மானம் போட்டு, ஏறிய ஆண்டில் கடனை வசூலித்தால், ஆடிட்டர் இரண்டு தீர்மானங்களின் தேதியையும் ஒப்பிட்டுப் பார்ப்பார்.