பிரிவுக்குப் பின் வந்த காதலும் ஐந்து சீட்டுகளும்

காதல் முறிந்து இரண்டு மாதம்கூட ஆகியிருக்காது. அதற்குள் இன்னொருவர் வந்துவிடுகிறார். இரவெல்லாம் மெசேஜ், ஞாயிறுதோறும் சந்திப்பு. தோழிகள் இதற்கு ‘ரீபவுண்ட்’ என்று பெயர் வைத்துவிடுகிறார்கள். சம்பந்தப்பட்டவருக்கோ குழப்பம். இவரை நிஜமாகவே பிடித்திருக்கிறதா, இல்லை, போனவர் விட்டுப்போன இடத்தில் இவரைக் கொண்டுவந்து உட்காரவைக்கிறோமா? இந்தக் கேள்வியோடு டாரட் சீட்டுகளை எடுப்பவர்கள் உண்டு. அவர்களுக்கு அந்தச் சீட்டுகள் என்ன தரமுடியும், என்ன தரமுடியாது என்பதைத் தெரிந்துகொள்வது நல்லது.

டாரட் பிறந்தது ஆரூடத்துக்காக அல்ல. 15ஆம் நூற்றாண்டில் வட இத்தாலியில் அது வெறும் சீட்டாட்டம். 1781இல் பிரான்சின் கூர் தெ ஜெப்லான், அது பண்டைய எகிப்தின் ஞானநூல் என்று எந்த ஆதாரமும் இல்லாமல் எழுதினார். குறி சொல்லும் வழக்கம் அதற்குப் பிறகுதான் பெரிதாக வளர்ந்தது. இன்று பெரும்பாலோர் கையில் இருக்கும் சீட்டுக்கட்டு 1909இல் லண்டனில் வெளிவந்தது. ஏ.இ. வெயிட் வழிகாட்ட, பமீலா கோல்மன் ஸ்மித் என்ற ஓவியர் வரைந்தது. மொத்தம் 78 சீட்டுகள். அவற்றில் 22 பெரிய சீட்டுகள். மீதி 56 சீட்டுகள் கோப்பை, வாள், கோல், காசு என்ற நான்கு வகைகளில் அடங்கும். பழைய கட்டுகள் பலவற்றில் இந்தச் சிறிய சீட்டுகளில் வெறும் கோப்பைகளும் வாள்களும்தான் எண்ணிக்கைக்கேற்ப இருக்கும். ஸ்மித் அவற்றிலும் மனிதர்களை வரைந்தார். அழுகிறவர், படுத்திருப்பவர், வேலை செய்கிறவர் என்று ஒவ்வொரு சீட்டும் ஒரு காட்சி. பார்ப்பவர் தன் கதையை அதற்குள் வைத்துப் பார்க்க முடிவது அதனால்தான்.

கலைத்துப்போட்ட சீட்டுகளுக்கு எதிர்காலம் தெரியாது. புதிதாக வந்தவரின் மனதில் என்ன இருக்கிறது என்பதும் தெரியாது. ஆகவே ‘அவர் என்னைக் காதலிக்கிறாரா?’ என்று கேட்டுச் சீட்டெடுத்தால் பதில் என்ற பெயரில் நம் ஆசையோ பயமோதான் திரும்பி வரும். கேள்வி தன்னைப் பற்றியதாக இருக்கும்போதுதான் இந்த விரிப்புக்குப் பயன். அதற்கு ஐந்து இடங்கள் போதும். சீட்டை எடுக்கும் முன்பே ஒவ்வோர் இடத்துக்கும் என்ன பொருள் என்று தாளில் எழுதிவிட வேண்டும்.

முதல் இடம், காயம் இப்போது எந்த நிலையில் இருக்கிறது என்பது. இரண்டாவது, பழைய உறவிலிருந்து கூடவே எடுத்துவருவது. மூன்றாவது, புதியவர்மேல் ஏற்றிப் பார்ப்பது. நான்காவது, புதியவரிடம் கண்ணால் கண்டது. ஐந்தாவது, இன்னோர் உறவுக்கு மனம் எவ்வளவு தயார் என்பது. மூன்றையும் நான்கையும் அருகருகே வைப்பார்கள். இந்த விரிப்பின் உயிர் அந்த இரண்டு இடங்களில்தான் இருக்கிறது.

ஓர் உதாரணத்தோடு பார்க்கலாம். நான்கு ஆண்டுக் காதல் முறிந்த ஒரு பெண். இரண்டே மாதத்தில் உடன் வேலை பார்க்கும் ஒருவரோடு நெருக்கம். அவர் எடுத்த முதல் சீட்டு கோப்பை ஐந்து என்று வைத்துக்கொள்வோம். கறுப்பு அங்கி போர்த்தியவர் தலைகுனிந்து நிற்கிறார். முன்னால் மூன்று கோப்பைகள் கவிழ்ந்து கிடக்கின்றன. பின்னால் இரண்டு நிமிர்ந்து நிற்கின்றன. அவர் திரும்பிப் பார்க்கவில்லை. துக்கம் இன்னும் நடந்துகொண்டிருக்கிறது என்பதே இதன் வழக்கமான வாசிப்பு. இரண்டாம் இடத்தில் கோப்பை ஆறு. ஒரு சிறுவன் பூ நிறைந்த கோப்பையைச் சின்னப் பெண்ணிடம் நீட்டுகிறான். இது நினைவுகளின் சீட்டு. பழைய உறவின் இனிமையான பகுதி மட்டும் மனதில் தங்கி, சண்டைகள் மங்கிவிட்டனவா என்று கேட்க வைக்கிறது.

மூன்றாம் இடத்தில் கோப்பை வீரன். வெள்ளைக் குதிரையில் கையில் கோப்பையோடு மெல்ல வருகிற அழகன். சீட்டு வாசிப்பில் தவறு நடப்பது பெரும்பாலும் இங்கேதான். ‘பாருங்கள், காதலன் வந்துவிட்டான்’ என்று சொல்லத் தோன்றும். கேட்பவருக்கும் அதுதான் வேண்டும். ஆனால் இந்த இடத்துக்கு எழுதிவைத்த பொருள் ‘ஏற்றிப் பார்ப்பது’. எனவே அந்த வீரன் புதியவர் அல்ல. தன்னைக் காப்பாற்ற ஒருவன் வரவேண்டும் என்று அந்தப் பெண் மனதில் வரைந்து வைத்திருக்கும் படம். இதே சீட்டு நான்காம் இடத்தில் விழுந்திருந்தால் கேள்வியே வேறு: அவர் உண்மையில் அன்பைக் காட்டிய தருணங்கள் எவை?

நான்காவதாக வந்தது காசு எட்டு. உளியும் சுத்தியுமாக உட்கார்ந்து ஓர் இளைஞன் காசுகளைச் செதுக்கிக்கொண்டிருக்கிறான். குதிரையும் இல்லை, கோப்பையும் இல்லை. இங்கே வாசிப்பவர் விளக்கம் சொல்வதை நிறுத்திவிட்டு, அவரிடம் நேரில் கண்ட மூன்று விஷயங்களைச் சொல்லச் சொல்ல வேண்டும். ‘நேரத்துக்கு வருவார், அம்மாவைப் பற்றிப் பேசுவார், தான் செய்த தவறை ஒப்புக்கொண்டார்’ என்பது போன்ற பதில்கள் கண்டவை. ‘இவர் அவரைப் போல என்னை விட்டுப் போகமாட்டார்’ என்பது காணாதது. அந்த வாக்கியத்தில் பழையவர் உட்கார்ந்திருக்கிறார். பதில்கள் எல்லாம் இப்படியே ஒப்பீடாக வந்தால், அந்தப் பெண் பார்த்துக்கொண்டிருப்பது புதியவரை அல்ல.

ஐந்தாவது, வாள் நான்கு. கைகூப்பிப் படுத்திருக்கும் ஒரு வீரனின் உருவம். இதை ‘வேண்டாம்’ என்று வாசிப்பது அவசரம். இது ஓய்வின் சீட்டு. உறவை முறிக்கத் தேவையில்லை, வேகத்தைக் குறைத்தால் போதும். வீட்டில் சொல்வது, ஒரே வீட்டுக்குக் குடிபோவது போன்ற முடிவுகளைத் தள்ளிப்போட்டு, அவரைச் சாதாரண நாட்களில், களைத்திருக்கும்போதும் கோபத்திலும் பார்த்துப் பழகலாம்.

மனதின் இந்தப் பழக்கத்தை உளவியலாளர்களும் ஆராய்ந்திருக்கிறார்கள். நமக்கு நெருங்கியவரை நினைவூட்டும் சிறு சாயல் புதியவரிடம் இருந்தாலே, அவரிடம் இல்லாத குணங்களையும் இருப்பதாக நினைத்துக்கொள்கிறோம் என்று அமெரிக்க உளவியலாளர் சூசன் ஆண்டர்சன் ஆய்வுகளில் காட்டினார். அதே சமயம், சீக்கிரம் தொடங்கியது என்பதாலேயே ஓர் உறவைத் தவறென்று சொல்ல முடியாது. கிளாடியா புரம்பா, கிறிஸ் ஃபிரேலி ஆகியோர் 2015இல் வெளியிட்ட ஆய்வில், புதிய உறவில் இருந்தவர்களுக்குத் தன்னம்பிக்கை கூடுதலாக இருந்தது. பழையவரைப் பற்றிய மனக்கணக்கையும் அவர்கள் அதிகம் தீர்த்திருந்தார்கள். அவர்களிலும் சீக்கிரம் தொடங்கியவர்கள் மோசமாக இல்லை, நன்றாகவே இருந்தார்கள். ஆகவே நாட்காட்டியை வைத்துத் தயார்நிலையை அளக்க முடியாது. சீட்டு வாசிப்பவர் ‘ஆறு மாதம் பொறு’ என்றால் அது அவருடைய அபிப்பிராயம், அவ்வளவுதான்.

சீட்டு சொன்னது ‘அப்படியே பொருந்துகிறது’ என்ற உணர்விலும் கவனம் வேண்டும். 1948இல் பெர்ட்ராம் ஃபோரர் தன் மாணவர்கள் எல்லோருக்கும் ஒரே குணவிவரத்தைத் தனித்தனியாக எழுதியது போலக் கொடுத்தார். தங்களுக்கு அது எவ்வளவு பொருந்துகிறது என்று அவர்கள் தந்த சராசரி மதிப்பெண் ஐந்துக்கு நான்குக்கும் மேல். பொதுவான வாக்கியத்தை நாமே நமக்குப் பொருத்திக்கொள்கிறோம். புதியவர்மேல் ஏற்றுகிற அதே மனம் சீட்டின்மேலும் ஏற்றும். பிடிக்காத சீட்டு வந்ததும் மறுபடி கலைத்துப்போடுகிறவர், பதில் கிடைத்த பின்னும் வேறு பதில் தேடுகிறார். ஒரு முறை எடுத்ததை எழுதி வைத்துவிட்டு, ஆறு வாரம் கழித்து நான்காம் இடத்தின் பட்டியலை மட்டும் திரும்பப் பார்ப்பது நல்லது. கண்ட விஷயங்கள் கூடியிருந்தால் பழக்கம் உண்மையாக வளர்ந்திருக்கிறது. அதே ஒப்பீடுகளே நின்றால் காயம் இன்னும் ஆறவில்லை.

‘பழையவர் திரும்பி வரப் பரிகாரம் இருக்கிறது’ என்று சொல்லிக் கூடுதல் பணம் கேட்பவரிடமிருந்து உடனே எழுந்து வந்துவிடுங்கள். பிரிவுக்குப் பின் வாரக்கணக்கில் தூக்கமில்லை, சாப்பிட முடியவில்லை, உயிர்மேலேயே வெறுப்பு வருகிறது என்றால் அது சீட்டுகளுக்கான கேள்வியே அல்ல. இந்திய அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416. கட்டணம் கிடையாது, இரவும் பகலும் அழைக்கலாம், தமிழிலும் பேசலாம்.