உரிமையாளர் இறந்துவிட்டால் வண்டியை வாரிசு பெயருக்கு மாற்றுவது எப்படி? என்னென்ன ஆவணங்கள் தேவை? எத்தனை நாள் ஆகும்?

வீட்டில் ஒருவர் இறந்துவிட்டால் வங்கிக் கணக்கு, வீட்டுப் பத்திரம் எல்லாம் உடனே நினைவுக்கு வரும். வாசலில் நிற்கும் பைக் மட்டும் யார் நினைவுக்கும் வராது. ‘அப்பா வண்டிதானே, யார் கேட்கப் போறாங்க?’ என்று மகன் எடுத்து ஓட்டிக்கொண்டிருப்பார். விபத்து நடந்தால்தான் சிக்கல் தெரியும்.

30 நாள், 3 மாதம்: இரண்டு கெடுக்கள்

மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989-இன் 56-வது விதிப்படி, உரிமையாளர் இறந்த பிறகு வண்டியை வைத்திருக்கும் வாரிசு அதை 3 மாதங்கள் வரை ஓட்டலாம். ஆனால் இறந்த 30 நாட்களுக்குள், மரணம் குறித்தும் வண்டியைத் தான் பயன்படுத்தப் போவது குறித்தும் ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்கு எழுதித் தெரிவிக்க வேண்டும். அந்த 3 மாதங்களுக்குள் படிவம் 31-இல் பெயர் மாற்றத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். படிவம் 29, 30 இரண்டும் வண்டியை விற்கும்போது தருபவை, இதற்குப் பொருந்தாது.

இன்சூரன்ஸும் இதே கணக்குதான். இறந்தவர் பெயரில் உள்ள பாலிசி, இறந்த நாளிலிருந்து 3 மாதங்கள் அல்லது பாலிசி முடியும் தேதி, இதில் எது முன்னதோ அதுவரைதான் செல்லும். ஓராண்டுக்குப் பணம் கட்டியிருந்தாலும் இதுதான் நிலை.

என்னென்ன ஆவணங்கள்?

* படிவம் 31
* அசல் ஆர்.சி.
* இறப்புச் சான்றிதழ்
* வாரிசுச் சான்றிதழ்
* மற்ற வாரிசுகளின் ஆட்சேபணை இல்லை என்ற உறுதிமொழிப் பத்திரம் (முத்திரைத்தாளில், நோட்டரி கையெழுத்துடன்)
* நடப்பு இன்சூரன்ஸ், புகைச் சான்றிதழ்
* பெயர் மாற்றுபவரின் முகவரிச் சான்று, பான் அட்டை, புகைப்படம்

வண்டி மீது கடன் இருந்தால் வங்கி அல்லது நிதி நிறுவனத்தின் சம்மதமும் வேண்டும். கடன் முடிந்திருந்தால் படிவம் 35-உம் தடையில்லாச் சான்றும் வாங்கி, ஆர்.சி.யில் உள்ள கடன் குறிப்பை நீக்கிக்கொள்ளலாம்.

தாமதம் எங்கே வருகிறது?

ஆர்.டி.ஓ. அலுவலகத்தைவிட வாரிசுச் சான்றிதழில்தான் அதிக நாள் போகும். தமிழ்நாட்டில் இ-சேவை மையம் மூலம் விண்ணப்பித்தால், வி.ஏ.ஓ., வருவாய் ஆய்வாளர் விசாரணை முடிந்து தாசில்தார் சான்று தருவார்.

ஓர் உதாரணம் பார்ப்போம். மதுரையைச் சேர்ந்த ஒருவர் மார்ச் 2-ஆம் தேதி இறக்கிறார். மனைவி, 18 வயது கடந்த மகன், மகள், வயதான தாய் இருக்கிறார்கள். பைக்கை மகன் பெயருக்கு மாற்ற வேண்டும்.

மார்ச் இரண்டாவது வாரத்தில் இறப்புச் சான்றிதழ் கிடைக்கிறது. உடனே வாரிசுச் சான்றிதழுக்கு விண்ணப்பிக்கிறார்கள். ஏப்ரல் 1-க்குள் ஆர்.டி.ஓ.வுக்குக் கடிதம் கொடுத்து, ஒப்புகை வாங்கிக்கொள்கிறார்கள். ஏப்ரல் நடுவில் வாரிசுச் சான்றிதழ் வருகிறது. அப்போதுதான் பலர் தவறவிடும் விஷயம் தெரிகிறது. இந்து வாரிசுரிமைச் சட்டப்படி இறந்தவரின் தாயும் முதல் வகுப்பு வாரிசு. மனைவியும் மகளும் மட்டும் உறுதிமொழி கொடுத்தால் போதாது; பாட்டியின் கையெழுத்தும் வேண்டும்.

நான்காம் வாரத்தில் parivahan.gov.in தளத்தில் விண்ணப்பித்துக் கட்டணம் செலுத்தி, ஆவணங்களைச் சமர்ப்பிக்கிறார்கள். மத்திய விதிப்படி பெயர் மாற்றக் கட்டணம் பைக்குக்கு 150 ரூபாய், காருக்கு 300 ரூபாய். ஸ்மார்ட் கார்டு, சேவைக் கட்டணம் தனி. ஆவணங்கள் சரியாக இருந்தால் பொதுவாக 2 முதல் 4 வாரங்களில் புதிய ஆர்.சி. வந்துவிடும். அதாவது மே மாத இறுதிக்குள், ஜூன் 2-ஆம் தேதி கெடுவுக்கு முன்பே வேலை முடிகிறது. புதிய ஆர்.சி.யைக் காட்டி இன்சூரன்ஸையும் மகன் பெயருக்கு மாற்ற வேண்டும்.

மாற்றாமல் விட்டால்?

பாலிசியில் உள்ள ‘உரிமையாளர்-ஓட்டுநர்’ விபத்துக் காப்பீடு 15 லட்சம் ரூபாய். அது பதிவு பெற்ற உரிமையாளருக்கு மட்டுமே. அப்பா பெயரில் உள்ள வண்டியை ஓட்டிச் சென்று மகன் இறந்தால், குடும்பம் அந்தத் தொகையைக் கேட்பது கடினம். 3 மாதம் கடந்துவிட்டாலும் விண்ணப்பிக்கலாம். தாமதத்துக்கான தொகை கட்ட வேண்டியிருக்கும்.

விற்பதாக இருந்தாலும் முதலில் வாரிசு பெயருக்கு மாற்றித்தான் விற்க வேண்டும். இறந்தவர் கையெழுத்தை யாராவது போட்டு விற்றால் அது போலிக் கையெழுத்து. போலீஸ் வழக்கு வரை போகும்.

நாமினி போட்டிருந்தால் எளிது

2021-இல் விதிகள் திருத்தப்பட்ட பிறகு ஆர்.சி.யிலேயே நாமினி பெயரைச் சேர்க்கலாம். அப்படிச் சேர்த்திருந்தால், வண்டி நாமினி பெயருக்கே மாறும். அவரும் 30 நாளில் தகவல் தெரிவித்து, 3 மாதத்துக்குள் படிவம் 31 கொடுக்க வேண்டும். உங்கள் வண்டியின் ஆர்.சி.யில் நாமினி இருக்கிறதா என்று இப்போதே பார்த்துவிடுங்கள். இல்லையென்றால் பரிவாகன் தளத்திலேயே சேர்க்க விண்ணப்பிக்கலாம்.