900 கட்டங்களில் ஒரு கோலம்

கைப்பேசித் திரையில் கைவேலை – 9

போன பொங்கலன்று காலை ஏழு மணிக்குச் சித்தி கூப்பிட்டாள். "என்னடா அனுப்பிச்சிருக்கே? வட்டமாச் சுத்திக்கிட்டே இருக்கு, தெறக்கவே மாட்டேங்குது." அந்தக் காலை ஊரே ஒருவருக்கொருவர் வாழ்த்து அனுப்பிக்கொண்டிருந்தது. அத்தனையும் ஒரே கோபுரத்தின் வழியாகத்தான் ஊருக்குள் போயாக வேண்டும். நான் மூன்று நாள் உட்கார்ந்து செய்த வாழ்த்து, பானை பொங்கி முடிந்து சாமி கும்பிட்ட பிறகுதான் அவள் கைப்பேசியில் ஓடியது. ஆறு விநாடி ஓடும் அந்தத் துண்டின் எடை நாலு எம்.பி.

அதில் என்ன இருந்தது என்று சொல்கிறேன். வாசலில் போட்ட கோலத்தின் புகைப்படம் ஒன்று, மெல்ல மெல்லப் பெரிதாகிக்கொண்டே வரும். அதன்மேல் சாமந்தி இதழ்கள் உதிரும். வாழ்த்து எழுத்துகள் ஜிகினாவாக மின்னும். பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஆனால் இந்த மூன்றுமே கோப்பைப் பருக்க வைப்பதில் முதல் வரிசையில் நிற்பவை. ஏன் என்று தெரிந்துகொள்ள, வீடியோ ஒன்று எப்படிச் சுருங்குகிறது என்பதைக் கொஞ்சம் பார்த்துவிடலாம்.

480க்கு 480 அளவுள்ள சதுரப் படம் ஒன்றில் 2,30,400 புள்ளிகள் இருக்கும். புள்ளிக்கு மூன்று பைட் வீதம், விநாடிக்கு 12 சட்டகம், ஆறு விநாடிக்கு 72 சட்டகம் என்று பெருக்கினால் கிட்டத்தட்ட 50 எம்.பி. வரும். அப்படியே யாரும் அனுப்புவதில்லை. கைப்பேசிகள் பெரும்பாலும் பயன்படுத்தும் எச்.264 என்ற முறை, படத்தை 16க்கு 16 புள்ளி கொண்ட கட்டங்களாகப் பிரித்துக்கொள்கிறது. நம் படத்தில் குறுக்கே 30, நெடுக்கே 30, ஆக 900 கட்டங்கள். முதல் சட்டகத்தை மட்டும் முழுதாக எழுதிவிட்டு, அடுத்த சட்டகத்தில் கட்டம் கட்டமாக முந்தைய படத்தோடு ஒப்பிடுகிறது. மாறாத கட்டத்துக்கு 'முன்பு இருந்தபடியே' என்று ஒரு சிறு குறிப்பு போதும். அதற்கு ஆகும் இடம் ஏறத்தாழ ஒன்றுமில்லை. கட்டம் அப்படியே பக்கவாட்டில் நகர்ந்திருந்தால், எவ்வளவு நகர்ந்தது என்று மட்டும் குறித்துக்கொள்ளும். இரண்டுக்கும் அடங்காதபோதுதான் உள்ளே இருப்பதை எழுத வேண்டியிருக்கிறது.

இப்போது என் பழைய வாழ்த்தைப் பாருங்கள். படம் பெரிதாகும்போது நடுவில் உள்ள கட்டம் அசையாமல் நிற்க, ஓரத்துக் கட்டங்கள் வெளிப்பக்கம் ஓடுகின்றன. ஒவ்வொன்றின் நகர்வும் வேறு, அளவும் மாறுகிறது. ஏறக்குறைய எல்லாக் கட்டங்களும் சட்டகத்துக்குச் சட்டகம் மாறின. இதழ் சுழன்று விழும்போது அதன் உருவமே மாறுகிறது. அது விலகிய இடத்தில் தெரியும் தரையையும் திரும்ப எழுத வேண்டும். ஜிகினா இவற்றைவிட மோசம். எந்தப் புள்ளி எப்போது மின்னும் என்று முந்தைய சட்டகத்தைப் பார்த்து ஊகிக்க வழியே இல்லை. புகைப்படம் வைத்ததில் தவறில்லை. அது அசையாமல் கிடந்திருந்தால் முதல் சட்டகத்தில் ஒரே முறை விலை கொடுத்து முடித்திருக்கலாம். முழுப் படமும் இருட்டிலிருந்து மெல்லத் துலங்குவதும் இதே வகைச் செலவுதான், கட்டம் எல்லாமே வெளிச்சம் மாறுகிறது.

ஆகவே இந்த ஆண்டு ஒரே ஒன்றை மட்டும் அசைய விட்டேன்: கோலத்தின் இழை. 1, 3, 5, 3, 1 என்று வைத்த 13 புள்ளியைச் சுற்றி வளைந்து, தொடங்கிய இடத்திலேயே வந்து சேரும் ஒற்றை இழைச் சிக்குக் கோலம். சாணம் மெழுகிய தரை நிறத்தில் ஒரே சீரான பின்னணி, வெள்ளை இழை, சுற்றிலும் காவிப் பட்டை. இழையின் முனை ஒரு சட்டகத்தில் தொடும் கட்டங்களை எண்ணினால் பத்துகூடத் தேறாது. மற்றவையெல்லாம் 'முன்பு இருந்தபடியே'.

கோலத்தை இங்க்ஸ்கேப்பில் வரைந்தேன். முழு இழையும் துண்டுபடாத ஒரே கோடாக இருக்க வேண்டும். வளைவு வளைவாக வரைந்திருந்தால் முனைகளை இணைத்துவிடுங்கள். கோடு வளர்வதுபோல் காட்ட ஒரு பழைய தந்திரம் உண்டு. கோட்டை விட்டுவிட்டு வரும் கோடாக மாற்றி, ஒரு துண்டின் நீளத்தை முழுக் கோட்டின் நீளத்துக்குச் சமமாக வைத்துவிடுவது. பிறகு அந்தத் துண்டை நீளம் முழுக்கப் பின்னால் தள்ளி ஒளித்து, சட்டகத்துக்குக் கொஞ்சமாக முன்னால் விட வேண்டியதுதான். என் இழையின் நீளம் `Measure Path` காட்டியபடி 4700 அளவு. எனவே கோப்பில் `stroke-dasharray:4700` என்றும், தள்ளும் அளவுக்கு `stroke-dashoffset:OFFSET` என்றும் எழுதி வைத்தேன். 48 சட்டகத்தையும் கையால் சேமிக்க வேண்டாம் என்று லினக்ஸில் இந்தச் சிறு சுழலை ஓட்டினேன்:

```
for i in $(seq 0 47); do
  o=$((4700 - i*100))
  sed "s/OFFSET/$o/" kolam.svg > f.svg
  inkscape f.svg -w 480 -o $(printf "k_%03d.png" $i)
done
```

முதல் சட்டகத்தில் தள்ளல் 4700, இழை தெரியாது. கடைசியில் பூஜ்யம், கோலம் முழுமை. பின்னணிக்கு என்று ஒரு செவ்வகத்தை மறக்காமல் வரைந்து அடியில் வைக்க வேண்டும். வெறுமையாக விட்டால் அந்த இடம் ஒளிபுகும் படமாகச் சேமிக்கப்படும், வீடியோவாகும்போது கருப்பாகிவிடும்.

எழுத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 'இனிய பொங்கல் நல்வாழ்த்துகள்' என்பதில் 'பொ' இருக்கிறது. அதில் கொம்பு எழுத்துக்கு முன்னாலும் கால் பின்னாலும் வர வேண்டும். தமிழ் எழுத்தை ஒழுங்காகக் கோக்கத் தெரியாத மென்பொருளில் கொம்பு இடம் மாறி நிற்கும். அவசரத்தில் நம் கண்ணே அதைத் திருத்திப் படித்துவிடும் என்பதால், அனுப்பிய பிறகுதான் தெரியவரும். இங்க்ஸ்கேப்பில் தட்டச்சு செய்து, சரியாக வந்ததைப் பார்த்துவிட்டு, `Object to Path` கொடுத்து எழுத்தை உருவமாக்கிவிடுகிறேன். அதன்பின் எந்தக் கணினியில் எழுத்துரு இல்லாவிட்டாலும் கவலையில்லை. இந்த எழுத்தை நான் அசைக்கவில்லை, முதல் சட்டகத்திலேயே வைத்துவிட்டேன். அசையாத எழுத்துக்கு ஒரு முறைதான் செலவு. அதோடு, வீடியோ ஓடத் தொடங்கும் முன் திரையில் நிற்கும் படத்திலும் பெரும்பாலும் முதல் சட்டகமே தெரியும்; வெறும் தரையும் 13 புள்ளியும் மட்டும் இருந்தால் இது என்னவென்று பார்ப்பவருக்குப் புரியாது.

சட்டகங்களைக் கோத்து வீடியோவாக்க இந்த ஒரு கட்டளை:

```
ffmpeg -framerate 12 -i k_%03d.png \
  -vf "tpad=stop_mode=clone:stop_duration=2" \
  -c:v libx264 -preset veryslow -crf 24 \
  -pix_fmt yuv420p -movflags +faststart pongal.mp4
```

இதில் `tpad` முடிந்த கோலத்தை இரண்டு விநாடி அப்படியே நிறுத்துகிறது. வீடியோ திரும்பத் திரும்பச் சுழலும்போது, கோலம் முடிந்த கணமே அழிந்தால் பார்ப்பவருக்கு ஏமாற்றமாக இருக்கும். இந்த 24 சட்டகங்களிலும் எதுவும் மாறாததால் கோப்பின் எடை ஏறக்குறைய கூடுவதே இல்லை. `crf` என்பது தரத்துக்கான திருகு. எண் கூடக் கூடக் கோப்பு சிறுக்கும். ஆறு கூட்டினால் எடை ஏறத்தாழ பாதியாகும் என்பது கைக்கணக்கு. மிகைப்படுத்திவிட்டோமா என்று இழையின் ஓரத்தில் பாருங்கள். வெள்ளைக் கோட்டைச் சுற்றிக் கொசு மொய்ப்பதுபோல் அழுக்குத் தெரிந்தால் இரண்டு எண் குறைக்க வேண்டும். கட்டளை `width not divisible by 2` என்று சொல்லி நின்றுவிட்டால், அகலம் ஒற்றைப்படை எண் என்று பொருள். அதை 480போல் இரட்டைப்படையாக்கினால் போதும்.

அந்த இரட்டைப்படை நிபந்தனைக்குக் காரணமான ஒன்றுதான் என் காவியையும் கெடுத்தது. இந்த வகை வீடியோ வெளிச்சத்தைப் புள்ளிக்குப் புள்ளி வைத்துக்கொள்கிறது, நிறத்தை மட்டும் நாலு புள்ளிக்கு ஒன்றாகச் சேர்த்துவிடுகிறது. 480க்கு 480 படத்தில் நிறத்தின் நுணுக்கம் 240க்கு 240தான். வெள்ளை இழை கரும்பச்சைத் தரையில் வெளிச்சத்தாலேயே பிரிந்து தெரிவதால் கூர்மையாக நின்றது. ஆனால் இரண்டு புள்ளி அகலத்தில் நான் இழுத்த காவிக் கோடு, தரையின் வெளிச்சத்துக்குக் கிட்டத்தட்டச் சமமாக இருந்ததால், ஈரத்தில் ஊறியதுபோல் பரவிவிட்டது. `crf` எண்ணை எவ்வளவு குறைத்தும் தீரவில்லை. கோட்டை எட்டுப் புள்ளி அகலப் பட்டையாக்கி, நிறத்தையும் சற்று வெளிறச் செய்ததும் சரியானது. வாசலிலும் காவியைப் பட்டையாகத்தானே அடிக்கிறோம்.

இவ்வளவுக்கும் ஜிஃப் ஆக்கியிருக்கலாமே என்று கேட்கலாம். 1987இல் வந்த அந்த வடிவம் ஒரு சட்டகத்துக்கு 256 நிறம்தான் தரும். நிறம் போதாத இடத்தில் புள்ளி தெளித்து ஏமாற்றும். வாட்ஸ்அப்பில் ஜிஃப் அனுப்பினால் அது சத்தமில்லாத வீடியோவாக மாறித்தான் போகிறது. அப்போது தெளித்த புள்ளிகளையும் படத்தின் பகுதி என்று எண்ணி வீடியோ சுமக்கிறது. ஆகவே சட்டகங்களிலிருந்து நேரே வீடியோவுக்குப் போய்விடுவதே நல்லது. அனுப்பும்போது வாட்ஸ்அப் அதை ஜிஃப்பாக அனுப்பவா என்று கேட்கும் பொத்தானைக் காட்டும். அதைத் தொட்டால் தானாகச் சுழலும். செயலி தன் பங்குக்கு இன்னொரு முறை அமுக்கக்கூடும் என்பதால், முதலில் எனக்கே அனுப்பிப் பார்த்துவிட்டுத்தான் மற்றவர்களுக்கு அனுப்புகிறேன்.

டெலிகிராமின் அசையும் ஸ்டிக்கர் வேறு வழியில் போகிறது. அது புள்ளிகளைச் சுமப்பதே இல்லை, இழை எங்கே வளைகிறது என்ற வரைகுறிப்பை மட்டும் அனுப்பி, பெறுபவரின் கைப்பேசியிலேயே வரையச் செய்கிறது. மூன்று விநாடிக்குள் முடிய வேண்டும், கோப்பு 64 கே.பி.யைத் தாண்டக்கூடாது. புகைப்படத்தை அதில் வைக்க முடியாது. கோலத்துக்கோ அதைவிடப் பொருத்தமான வடிவம் இல்லை. அதை அடுத்த வாரம் செய்து பார்க்கலாம்.

முடிந்த வீடியோ, போன ஆண்டினுடையதில் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே வந்தது. போகிக்கு முதல் நாளே சித்திக்கு அனுப்பினேன். இந்த முறை உடனே திறந்திருக்கிறது. ஐந்து நிமிடத்தில் கூப்பிட்டாள். "நல்லாருக்குடா. ஆனா நடு வரிசையில கடைசிப் புள்ளிய இழை சுத்தாமலே போகுது பாரு." நாலு முறை ஓட்டிப் பார்த்தேன். அவள் சொன்னது சரி. அந்த வளைவைத் திருத்தியதும் இழையின் நீளம் 4800 ஆகிவிட்டது. 4700 என்று எழுதிய இரண்டு இடத்தையும் மாற்றி, சட்டகம் ஒன்று கூடும் என்பதால் 47ஐ 48 ஆக்கி, சுழலை மறுபடி ஓட விட்டேன்.