டிரம் சுழன்றாலும் சிமென்ட் காத்திருக்காது

சிக்னலில் ரெடிமிக்ஸ் லாரி நிற்கும்போது கவனித்திருப்பீர்கள். லாரி நகராது, ஆனால் அதன் முதுகில் இருக்கும் டிரம் மட்டும் மெதுவாகச் சுற்றிக்கொண்டே இருக்கும். ஏன் என்று கேட்டால், "நிறுத்தினால் கான்கிரீட் இறுகிவிடும்" என்று பலரும் சொல்வார்கள். அது பாதி உண்மைதான். சிமென்ட் இறுகுவது தண்ணீருடன் அது வினைபுரிவதால். பிளான்ட்டில் தண்ணீர் சேர்ந்த கணத்திலேயே அந்த வினை தொடங்கிவிடுகிறது. டிரம் சுற்றுவதால் அது நிற்பதில்லை. அப்படியானால் சுற்றுவது எதற்கு?

ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கோடு பார்ப்போம். நம் ஊரில் அதிகம் ஓடுவது 6 கன மீட்டர் கொள்ளும் லாரி. ஒரு கன மீட்டர் கான்கிரீட் சுமார் 2,400 கிலோ என்றால், லோடு மட்டும் 14 டன்னைத் தாண்டும். ஜல்லி, மணல், சிமென்ட், தண்ணீர் எல்லாம் ஆர்.எம்.சி. பிளான்ட்டின் பெரிய மிக்ஸரிலேயே நன்றாகக் கலந்துதான் லாரியில் விழுகின்றன. வழியில் டிரம் செய்ய வேண்டியது புதிதாகக் கலப்பது அல்ல, கலந்தது பிரியாமல் பார்த்துக்கொள்வது. இந்தக் கலவையை அசையாமல் வைத்து, மேடு பள்ளமான சாலையில் குலுக்கிக்கொண்டு போனால் கனமான ஜல்லி அடியில் இறங்கும். தண்ணீரும் சிமென்ட் பாலும் மேலே மிதக்கும். தளத்துக்குப் போகும்போது முதலில் ஒரு மாதிரியும் கடைசியில் வேறு மாதிரியும் கொட்டும். ஜல்லி மட்டும் சேர்ந்த இடத்தில் தேன்கூடு போல ஓட்டை விழும். மெதுவான சுழற்சி இதைத் தடுக்கிறது. அசையாமல் கிடந்தால் கலவை சீக்கிரமே விறைத்துக்கொள்ளும் என்பதால், அது குழைவாக இருக்கவும் இந்தச் சுழற்சி உதவுகிறது.

இதற்கு வேகம் அதிகம் வேண்டாம். சாலையில் நிமிடத்துக்கு இரண்டு முதல் நான்கு சுற்று போதும். 45 நிமிடப் பயணத்தில் மூன்று சுற்று வீதம் ஓடினால், டிரம் மொத்தம் 135 முறை திரும்பியிருக்கும். வேகமாகச் சுற்றினால் இன்னும் நல்லது என்று நினைக்கக் கூடாது. ஜல்லியும் மணலும் உரசி உரசிச் சூடு ஏறும், தூள் பெருகும், கலவை வேகமாகக் குழைவை இழக்கும். சித்திரை வெயிலில் இந்த இழப்பு இன்னும் அதிகம்.

14 டன் சுமையை எது சுற்றுகிறது? பெரும்பாலான லாரிகளில் லாரியின் எஞ்சினேதான். சிலவற்றில் டிரம்முக்கென்றே தனி எஞ்சின் இருக்கும். எஞ்சின் ஒரு ஹைட்ராலிக் பம்பை ஓட்டுகிறது. பம்ப் எண்ணெயை அதிக அழுத்தத்தில் ஒரு மோட்டாருக்கு அனுப்புகிறது. மோட்டார் வேகமாகச் சுழலும்; அந்த வேகத்தை நூறு மடங்குக்கும் மேல் குறைத்து, அதே அளவுக்கு முறுக்கு விசையைக் கூட்டித் தருகிறது கியர் பாக்ஸ். அதன் தகட்டோடு டிரம்மின் அடிப்பக்கம் போல்ட் போட்டு இணைக்கப்பட்டிருக்கும். பம்புக்குள் இருக்கும் சாய்வுத் தட்டின் கோணத்தை மாற்றினால் எண்ணெயின் அளவு மாறும், டிரம்மின் வேகமும் மாறும். தட்டை எதிர்ப்பக்கம் சாய்த்தால் எண்ணெய் எதிர்த்திசையில் ஓடும், டிரம்மும் மறுபக்கம் சுற்றும். டிரைவர் நெம்புகோலைத் தள்ளும்போது நடப்பது இவ்வளவுதான்.

லாரியின் பின்னால் நின்று பார்த்தால் இன்னொன்று புரியும். டிரம்மைச் சுற்றி ஒரு தடித்த எஃகு வளையம் இருக்கும். அது இரண்டு உருளைகள் மேல் உட்கார்ந்திருக்கும். முன்னால் கியர் பாக்ஸ், பின்னால் இரண்டு உருளைகள் என டிரம்மைத் தாங்குவது மூன்றே புள்ளிகள். பள்ளத்தில் சக்கரம் இறங்கி லாரியின் சட்டம் முறுக்கிக்கொண்டாலும், கியர் பாக்ஸின் இணைப்பு சில டிகிரி வளைந்து கொடுப்பதால் டிரம் தடையின்றிச் சுற்றும்.

உண்மையான வேலை நடப்பது டிரம்முக்குள்ளேதான். உட்சுவரில் இரண்டு எஃகுத் தகடுகள், ஒன்றுக்கொன்று எதிரெதிராக, அடியிலிருந்து வாய்வரை சுருளாக ஏறிப்போகும்படி பற்றவைக்கப்பட்டிருக்கும். திருகாணியின் மரை வெளியே இருக்கும். இதில் மரை உள்ளே இருக்கிறது. டிரம் ஒரு பக்கம் சுற்றும்போது இந்தத் தகடுகள் சுவரை ஒட்டிய கலவையைக் கேபின் பக்கமாக, கீழே தள்ளுகின்றன. அங்கே போய்க் குவிந்தது வேறு வழியின்றி நடுப்பகுதி வழியாக மேலே புரண்டு திரும்பி வரும். ஓரத்தில் கீழே, நடுவில் மேலே என்று ஓயாமல் புரள்வதால்தான் ஜல்லி தங்குவதில்லை. மேம்பாலம் ஏறும்போது கலவை பின்பக்கம் வழியாமல் இருப்பதற்கும் இந்த உள்நோக்கிய தள்ளல் ஒரு காரணம். புரள இடம் வேண்டும் என்பதால்தான் டிரம்மை வாய்வரை நிரப்புவதில்லை.

சுழற்சியைத் திருப்பினால் அதே தகடுகள் கலவையை ஏற்றிக் கொண்டுவந்து வாய் வழியாகச் சரிவுப் பலகையில் கொட்டும். டிரம்மைக் கவிழ்க்க வேண்டியதில்லை, பின்வாயை மூடி வைக்கவும் வேண்டியதில்லை. உள்ளே தள்ளுவதும் வெளியே எடுப்பதும் ஒரே தகடு, ஒரே திருகு. மாறுவது திசை மட்டும்.

இந்தத் தகடுகள் தேயும். ஆண்டுக்கணக்கில் ஜல்லி உரசியதில் அவற்றின் உயரம் குறைந்துவிடும். அப்போது மேலே ஏற வேண்டிய கலவை தகட்டின் விளிம்பைத் தாண்டிப் பின்னால் வழியும். கொட்ட வழக்கத்தைவிட நேரம் ஆகும், கடைசிப் பகுதி வெளியே வராமல் தங்கும், கொட்டும் கலவையும் ஒரே சீராக இருக்காது. சரியாகக் கழுவாத டிரம்மில் நடப்பதும் இதேதான். தகடுகளுக்கு இடையே பழைய கான்கிரீட் படிந்து இறுகி, பள்ளத்தை அடைத்துவிடும். காலி லாரியை எடைமேடையில் ஏற்றிப் பார்த்தால் முன்பைவிடக் கூடுதல் எடை காட்டும். அது படிவின் எடை. ஆட்கள் உள்ளே இறங்கி இயந்திர உளியால் உடைத்துத்தான் எடுக்க வேண்டும். எஞ்சினை நிறுத்தி, சாவியை எடுத்து, டிரம் தப்பித்தவறியும் சுழலாதபடி பூட்டாமல் யாரையும் உள்ளே இறக்கக் கூடாது.

சுழற்சிக்கு எல்லை உண்டு. இந்தியத் தர விதி ஐ.எஸ். 4926, லோடு ஏற்றிய 2 மணி நேரத்துக்குள் கொட்டிவிட வேண்டும் என்கிறது. இறுகலைத் தாமதப்படுத்தும் ரசாயனம் சேர்த்திருந்தால் கூடுதல் நேரம் அனுமதிக்கலாம். போக்குவரத்து நெரிசலில் இந்த நேரம் கரைந்து, கலவை விறைத்துப்போய் வரும்போதுதான் "கொஞ்சம் தண்ணீர் விடுங்க" என்ற குரல் எழும். அந்தக் கொஞ்சத்தின் விலையைப் பார்க்கலாம். ஒரு கன மீட்டருக்கு 320 கிலோ சிமென்ட், 160 லிட்டர் தண்ணீர் என்றால், 6 கன மீட்டருக்கு 1,920 கிலோவும் 960 லிட்டரும் ஆகும், விகிதம் 0.50. இதில் 100 லிட்டர் தண்ணீர் விட்டால் விகிதம் 0.55 ஆகிவிடும். கலவை சுலபமாக ஓடும், ஆனால் காய்ந்த பிறகு வலிமை குறையும்.

வீட்டுக்கு ரெடிமிக்ஸ் வாங்குகிறவர்கள் மூன்றைச் செய்தால் போதும். டெலிவரி சீட்டில் லோடு ஏற்றிய நேரத்தைப் பாருங்கள். கொட்டுவதற்கு முன் ஓரிரு நிமிடம் டிரம்மை வேகமாகச் சுற்றச் சொல்லுங்கள். விறைப்பாகத் தெரிந்தால் பிளான்ட்டின் தரக்கட்டுப்பாட்டு ஆளை அழைத்து, அதற்குரிய ரசாயனத்தைச் சேர்க்கச் சொல்லுங்கள். தண்ணீர்க் குழாயை மட்டும் டிரம் பக்கம் விடாதீர்கள்.